பௌர்ணமின்னா மாத்திரை, நிறுத்தினா ரத்தப்போக்கு... கருப்பைக்குள்ளே எட்டிப் பார்க்கும் ‘ஹிஸ்டெரோஸ்கோப்பி’ என்ன சொல்லும்?

“இந்த பௌர்ணமிக்கும் நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க.”

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வருஷக்கணக்கா செருப்பில்லாம சுத்தி வந்த அம்மா, மூணு நாலு மாசமா வீட்டு வாசலோட நின்னுடறாங்கன்னா, காரணம் கால்வலியா மட்டும்தான் இருக்கணும்னு இல்ல. பீரியட்ஸ் எப்போ வரும், எப்போ நிற்கும்னு தெரியாத குழப்பமாகவும் இருக்கலாம். அதை அவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் கேட்கணும்.

உதாரணத்துக்கு ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். 44 வயது. கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறவர். இரண்டு பிள்ளைகள். ஏழு மாசமா பீரியட்ஸ் வந்தா 12 நாள், சில மாசம் 15 நாள் நீடிக்குது. நடுவுல திடீர்னு திட்டுத் திட்டாகவும் படுது. பௌர்ணமி, தீபம்னு முக்கியமான நாள் வந்தா மெடிக்கல் ஷாப்ல ‘தள்ளிப்போற மாத்திரை’ வாங்கிப் போட்டுக்குவார். மாத்திரை போடும்வரை நிற்கும். நிறுத்தின இரண்டு மூணு நாள்ல மறுபடி கொட்டும். படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 8.2. பக்கத்து வீட்டு அக்காவோட ஆலோசனை ஒண்ணே ஒண்ணுதான்: “பேசாம கருப்பையை எடுத்துடு, நான் எடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்.”

எடுக்கிறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன இருக்குன்னு யாராவது பார்த்தாங்களா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்திதான்.

எது வழக்கத்துக்கு மாறானது?

ஒரு பீரியட்ஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்தது ஆரம்பிக்கும் நாள் வரை 24 முதல் 38 நாள்கள் இருக்கலாம். ரத்தப்போக்கு எட்டு நாள்களுக்குள் நின்றுவிட வேண்டும். இந்த அளவைத் தாண்டி மாசக்கணக்கில் தொடர்ந்தாலோ, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவே ரத்தம் பட்டாலோ காரணம் தேட வேண்டும். மெனோபாஸ் ஆகி ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘திரும்ப வந்துடுச்சு போல’ன்னு பாட்டி சிரிச்சுக்கிட்டே சொன்னாலும், நீங்க சிரிச்சுட்டு விட்டுடாதீங்க.

நம்ம அம்மாவுக்கு டாக்டர் முதலில் செய்தது சின்னச் சின்ன விஷயங்கள்தான். கர்ப்பம் இல்லைன்னு உறுதி செய்தார். தைராய்டு பார்த்தார். வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு கேட்டார். இங்கேதான் பலர் அந்த ‘பௌர்ணமி மாத்திரை’யைச் சொல்லாம விட்டுடறாங்க. அது வெறும் மாத்திரை இல்லை, ஹார்மோன். கருப்பையின் உள்படலத்தை உதிரவிடாமல் பிடித்து வைப்பதும், நிறுத்தியதும் உதிரவிடுவதும் அதன் வேலை. அதுவே ஒழுங்கற்ற ரத்தப்போக்குக்குக் காரணமாகலாம். அதோடு, அது உள்படலத்தின் செல்களோட தோற்றத்தையே மாற்றிவிடும். பின்னாடி அந்தச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டருக்கு இந்த விவரம் தெரியலைன்னா ரிப்போர்ட் குழம்பும். அதனால எந்த மாத்திரை, எந்தத் தேதியில, எத்தனை நாள் போட்டாங்கன்னு உங்க போனில் குறிச்சு வெச்சுக்கோங்க.

ஸ்கேன் சொன்னதும் சொல்லாததும்

அடுத்தது, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். நம்ம அம்மாவோட ரிப்போர்ட்டில் இரண்டு வரி: ‘கருப்பையில் நார்க்கட்டி இல்லை. உள்படலத்தின் தடிமன் 13 மில்லிமீட்டர்.’

13 பெருசா, சிறுசா? மெனோபாஸ் ஆனவங்களுக்கு இதுக்கு ஒரு தெளிவான கோடு உண்டு. ரத்தம் பட்டு, தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தா சதையை எடுத்துப் பார்க்கணும். ஆனா பீரியட்ஸ் இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. அவங்க உள்படலம் மாசா மாசம் வளர்ந்து உதிரும். பீரியட்ஸ் முடிந்த கையோடு மெலிசா இருக்கும். அடுத்தது வரும் முன் 13 மில்லிமீட்டர்கூட இயல்பாக இருக்கலாம். ஆக, ஸ்கேன் தடிமனைச் சொல்லும். அந்தத் தடிமன் வழக்கமான வளர்ச்சியா, பாலிப் என்னும் சதை வளர்ச்சியா, புற்றுநோயா என்பதை அதால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் செல்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு குழப்பம்: “போன வருஷம்தான் பாப் டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல்னு வந்துச்சே?” பாப் டெஸ்ட் சோதிப்பது கருப்பை வாயை. அது வாசற்படி. நமக்குத் தெரிய வேண்டியது வீட்டுக்குள்ளே இருப்பது.

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையா? இல்லை. 40 - 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தப்போக்கு மாறினால் உள்படலத்தைச் சோதிப்பது வழக்கம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் மருந்துதான். ஆனா 25, 30 வயசுலயே பிசிஓஎஸ் இருந்து, மூணு நாலு மாசம் பீரியட்ஸே வராம, வந்தா நிற்காம போகுதுன்னா, உடல் எடையும் அதிகமா இருந்தா, மருந்துக்கும் கட்டுப்படலைன்னா வயசைக் காட்டி ஒத்திப்போடக் கூடாது. கருமுட்டை வெளிவராத மாசங்களில் ஈஸ்ட்ரோஜென் மட்டும் தனியா வேலை செய்து உள்படலத்தை வளர்த்துக்கொண்டே போகும். அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் இருக்காது. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும், பார்த்து எடுப்பதும்

நம்ம அம்மாவுக்கு முதலில் செய்தது எண்டோமெட்ரியல் பயாப்ஸி. பெயர்தான் பெருசு. கருவி, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள, வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குழாய். பைப்பெல் என்பார்கள். கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, குழாய்க்குள் இருக்கும் தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சும். குழாயைச் சுழற்றிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்த்தினால் உள்படலத்தின் துணுக்குகள் உள்ளே வந்துவிடும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம். அந்த நேரத்தில் பீரியட்ஸ் வலியைப் போல பிடித்து இழுக்கும்.

ரிப்போர்ட்: ‘புற்றுநோய் இல்லை. ஒழுங்கற்ற வளர்ச்சி நிலை உள்படலம்.’ எல்லோரும் நிம்மதியானார்கள். மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாசம் கழித்து மறுபடி நடுவுல ரத்தம்.

ரிப்போர்ட் தப்பா? இல்லை. அந்தக் குழாய் தொட்ட இடத்தைப் பத்தி அது சொன்னது சரிதான். ஆனா பைப்பெல், கண்ணைக் கட்டிக்கொண்டு கூடைக்குள் கைவிடுவது மாதிரி. கூடை முழுக்க ஒரே பூ என்றால் எங்கே கைவிட்டாலும் அதுதான் வரும். உள்படலம் முழுக்கப் பரவிய நோயைக் கண்டுபிடிப்பதில் பைப்பெல் கெட்டிக்காரத்தனமானதும் அதனால்தான். ஆனா ஒரே மூலையில் ஒரே ஒரு வேறு பூ இருந்தால்? அது கையில் சிக்காமல் போகலாம். பாலிப் அப்படிப்பட்டது. காம்பில் தொங்கும் சதை என்பதால் மெல்லிய குழாய் பட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். பழைய ‘டி அண்ட் சி’ முறையில் சுரண்டி எடுப்பதும் இதே மாதிரி பார்க்காமல் செய்வதுதான்.

அதனால, இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பயாப்ஸி நார்மல், ஆனா ரத்தப்போக்கு தொடருது என்றால் சோதனை முடியவில்லை. அடுத்த படி, உள்ளே பார்ப்பது. அதுதான் ஹிஸ்டெரோஸ்கோப்பி.

இது நேத்து வந்த தொழில்நுட்பம் இல்லை. 1869-லேயே பான்டலியோனி என்ற மருத்துவர், எந்த சிகிச்சைக்கும் நிற்காத ரத்தப்போக்கோடு வந்த 60 வயதுப் பெண்ணின் கருப்பைக்குள் ஒரு குழாயை விட்டு, வெளியிலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். உள்ளே ஒரு பாலிப். சில்வர் நைட்ரேட் வைத்து அதைப் பொசுக்கினார். அன்றைய கேள்விதான் இன்றைய கேள்வியும்: ‘காரணம் தெரியலை, உள்ளே பார்க்கலாமா?’

அன்றைக்கு என்ன நடக்கும்?

தேதி குறிப்பதிலேயே கவனம் வேண்டும். பீரியட்ஸ் நின்ற உடனே வரும் நாள்கள்தான் சரியான சமயம். அப்போது உள்படலம் மெலிசாக இருக்கும். சின்ன பாலிப்பும் தெளிவாகத் தெரியும். நம்ம அம்மா மாதிரி தேதியே இல்லாமல் ரத்தம் படுகிறவர்களுக்கு, டாக்டரே மாத்திரை கொடுத்து நிறுத்தி ஒரு நாளைக் குறிப்பார். கர்ப்பமாக இருந்தாலோ, இடுப்புப் பகுதியில் தொற்று இருந்தாலோ செய்யமாட்டார்கள். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ, காய்ச்சலோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்து உண்டா? இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். உள்ளே பார்க்க மட்டும் என்றால், ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு விழித்தபடியே செய்துகொள்ளலாம். பாலிப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் நம்ம ஊர்ப்பக்கம் பெரும்பாலும் குறைந்த நேர மயக்கம் கொடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். மயக்கம் என்றால் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். எந்த முறை என்பதை முன்கூட்டியே கேளுங்கள். விழித்தபடி செய்யும்போது வலி தாங்கலைன்னா, ‘நிறுத்துங்க’ன்னு சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. டாக்டர் நிறுத்திவிட்டு, வேறொரு நாள் மயக்கத்தில் செய்யலாம்.

கருவி, பேனாவைவிட மெல்லிய ஒரு டெலஸ்கோப். உறையோடு சேர்த்து 3 முதல் 5 மில்லிமீட்டர். நுனியில் வெளிச்சம், மறுமுனையில் கேமரா. கருப்பை என்பது காற்று நிரம்பிய அறை இல்லை. காலியான துணிப்பை மாதிரி இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் டெலஸ்கோப் வழியே சலைன் செலுத்தி விரிப்பார்கள். அந்த விரிதல்தான் வயிற்றைப் பிடிக்கும் வலியாகத் தெரியும். இப்போது திரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய குகை. மேல் மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்களின் வாய், ஊசித்துளை மாதிரி. டாக்டர் அந்த இரண்டு துளைகளையும் பார்த்துவிட்டால், குகை முழுவதையும் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம்.

கல்யாணமாகாத பெண்களுக்கு இதைச் செய்யலாமா என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. செய்யலாம். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி இல்லாமல், மெல்லிய டெலஸ்கோப்பை மட்டும் தண்ணீரின் உதவியோடு நேராக உள்ளே செலுத்தும் முறை இருக்கிறது. அந்த முறை வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

நம்ம அம்மாவுக்குத் திரையில் தெரிந்தது இதுதான்: வலது மேல் மூலையில், கருக்குழாய் வாய்க்குப் பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் காம்போடு ஒரு பாலிப். மற்ற இடங்களில் உள்படலம் கொஞ்சம் தடித்து, மேடு பள்ளமாக இருந்தது. டெலஸ்கோப் வழியாகவே சின்னக் கத்தரியை விட்டு, பாலிப்பைக் காம்போடு வெட்டி எடுத்தார்கள். பிறகு தடித்த இடத்திலிருந்து தனியாகச் சதை எடுத்தார்கள். மொத்தம் 20 நிமிஷம்.

இப்போ ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியம். இரண்டு சதைகளும் இரண்டு தனித்தனி டப்பாக்களில் போக வேண்டும். ஒன்றில் ‘பாலிப்’, மற்றதில் ‘உள்படலம்’ என்று லேபிள். ஒரே டப்பாவில் போட்டால், பிரச்னை பாலிப்பிலா, சுற்றியுள்ள படலத்திலா என்று ரிப்போர்ட்டில் பிரிக்க முடியாமல் போகலாம். டப்பாவில் இருக்கும் திரவம் ஃபார்மலின். செல்கள் அழுகாமல் காப்பது அதுதான். ஆனா காசநோய்ச் சந்தேகம் இருந்தால், ஒரு துண்டு மட்டும் ஃபார்மலின் இல்லாமல் சலைனில் தனியாகப் போக வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. குழந்தையின்மைக்காகச் சோதிக்கும்போது நம்ம நாட்டில் இது அடிக்கடி வரும் கேள்வி.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள்கள் லேசாக ரத்தம் படும். அது நிற்கும்வரை உடலுறவு வேண்டாம். கருப்பையில் துளை விழுவது, தொற்று போன்ற சிக்கல்கள் அபூர்வம். ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இருந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம உடனே போக வேண்டும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஒரு வாரம், பத்து நாளில் ரிப்போர்ட் வரும். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வந்ததும் ஒவ்வொரு சொல்லாக கூகுளில் தேடி ராத்திரியெல்லாம் பயப்பட வேண்டாம். பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் சில வகைக்குள் அடங்கிவிடும்.

‘புரொலிஃபரேட்டிவ்’, ‘செக்ரட்டரி’ என்றிருந்தால் மாசச் சுழற்சியின் இயல்பான இரண்டு கட்டங்கள். நோய் இல்லை. ‘அட்ரோபிக்’ என்றால் மெலிந்துபோன படலம். மெனோபாஸுக்குப் பின் ரத்தம் பட இது ஒரு பொதுவான காரணம். ‘இன்சஃபிஷியன்ட்’ என்றால் சதை போதவில்லை. அது ‘நார்மல்’ என்பதற்கு இன்னொரு பெயர் இல்லை. ஸ்கேனில் படலம் மெலிசாக இருந்து ரத்தமும் நின்றுவிட்டால் டாக்டர் அதை ஏற்றுக்கொள்ளலாம். ரத்தம் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

கவனமாகப் படிக்க வேண்டிய சொல் ‘ஹைப்பர்பிளேசியா’. உள்படலம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் அதோடு ஒட்டி வரும் சொல்லைப் பாருங்கள். ‘அட்டிபியா இல்லை’ என்றிருந்தால், செல்கள் எண்ணிக்கையில்தான் அதிகம், உருவத்தில் கெடவில்லை. 20 வருஷங்களில் இது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, பெரும்பாலும் சரியாகிவிடும். ‘அட்டிபியா உண்டு’ என்றிருந்தால் கதை வேறு. செல்களின் உருவமே மாறியிருக்கிறது. அதே கருப்பையில் கண்ணில் படாத புற்றுநோய் ஏற்கெனவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கு அங்கேதான் கருப்பையை எடுக்கச் சொல்வது நியாயமான ஆலோசனை. ஒரே ஒரு சொல், இரண்டு வேறு வாழ்க்கைகள்.

நம்ம அம்மாவோட ரிப்போர்ட் இரண்டு பகுதியாக வந்தது. முதல் டப்பா: சாதாரண பாலிப், புற்றுநோய் இல்லை. இரண்டாவது டப்பா: ஹைப்பர்பிளேசியா, அட்டிபியா இல்லை. நடுநடுவே ரத்தம் பட்டதற்குப் பாலிப் காரணம், அது போய்விட்டது. 15 நாள் நீடித்ததற்குத் தடித்த படலம் காரணம். அதற்கு மருந்து உண்டு. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயிலை டாக்டர் வைத்தார். அது படலத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைக்கும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. ஆறு மாசத்தில் மறுபடி பயாப்ஸி. காயில் உள்ளே இருக்கும்போதே மெல்லிய குழாயில் எடுக்க முடியும். ஆறு மாச இடைவெளியில் இரண்டு முறை நார்மல் என்று வந்தால்தான் ‘சரியாயிடுச்சு’ என்று சொல்வார்கள். நின்னுடுச்சேன்னு அந்த இரண்டாவது பயாப்ஸிக்குப் போகாமல் விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு.

“எடுத்துடலாம்” என்று சொன்னால்...

கருப்பையை எடுப்பது சில பேருக்கு உயிர்காக்கும் சிகிச்சை. ஆனா காரணம் தேடாமலே எடுக்கப்படும் கருப்பைகளும் நம்ம நாட்டில் உண்டு. அந்தப் புகார் உச்ச நீதிமன்றம்வரை போனது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதனால் யாராவது உங்க அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ அப்படிச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து மூணு கேள்வி கேளுங்கள். உள்படலத்தை எடுத்துச் சோதித்தீர்களா? ரிப்போர்ட்டில் அட்டிபியா இருக்கிறதா? பார்க்காமல் எடுத்த பயாப்ஸி என்றால், ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து பார்க்க முடியுமா? ரிப்போர்ட்டின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு டாக்டரிடம் போனாலும் அது பேசும்.

அப்புறம், அடுத்த பௌர்ணமிக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்புக்கு உங்களை மாத்திரை வாங்க அனுப்பினாங்கன்னா, வாங்கிட்டு வந்து கொடுத்துட்டு போனைப் பார்க்கப் போயிடாதீங்க. “எத்தனை நாளா இப்படிம்மா?”ன்னு கேளுங்க. நம்ம அம்மாவோட விஷயம் வெளியே வந்தது, மகள் அப்படி ஒரு தடவை கேட்டதால்தான்.